பாக்கி 2,18,590 ரூபாய்

2024 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சென்னிமலையில் பன்னிரண்டு விசைத்தறி வைத்து பெட்ஷீட் நெய்யும் ஒருவர், ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. சில சமயம் கடிதங்களையும் எழுதிக் கொடுப்பேன். தென்மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு அவர் நான்கு வருடமாகச் சரக்கு அனுப்புகிறார். ஜூன் மாதத்தில் அனுப்பிய சரக்குக்கே பணம் முழுதாக வரவில்லை. ஜூலையில் ஒரு பில், ஆகஸ்டில் ஒரு பில் என்று மேலும் இரண்டு சேர்ந்துவிட்டன. போன் செய்தால், "தீபாவளி முடியட்டும்" என்ற பதில்தான் வந்தது. தீபாவளியும் முடிந்துவிட்டது.

அவர் எழுதி வந்த தாளில் முதல் பாதி முழுக்க மனவருத்தம். "உங்களை நம்பித்தானே அனுப்பினோம்", "இப்படிச் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை" என்ற மாதிரி வரிகள். கடைசிப் பாதியில், உடனே பணம் வராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு எண்: "சுமார் இரண்டே கால் லட்சம்."

"அனுப்பலாமுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "நாலு வருசப் பழக்கமுங்க. எழுத்துல கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருமுங்களே" என்றும் சொன்னார்.

பாக்கி கேட்டு எழுத உட்காரும் சிறு வியாபாரிகள் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் கோபம், மறுபக்கம் கூச்சம். இரண்டில் எது ஜெயித்தாலும் கடிதம் கெட்டுப்போகிறது. அந்தத் தாளில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது போலீஸ் மிரட்டல்கூட இல்லை. "சுமார்" என்ற அந்த ஒரு சொல்தான்.

கடைக்காரரின் மேஜையில் இந்தக் கடிதம் போய் விழும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கடையின் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "சென்னிமலைக்காரருக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்பார். கணக்குப்பிள்ளை சொல்லும் தொகையும் கடிதத்தில் உள்ள தொகையும் ஒத்துப்போகாவிட்டால், "கணக்குல வித்தியாசம் இருக்கு, பார்த்துச் சொல்றோம்" என்று பதில் வரும். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிடும். பணம் தர மனமில்லாதவருக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது. தர மனமுள்ளவரும் தப்பான கணக்குக்குப் பணம் அனுப்பமாட்டார்.

அதனால் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, லெட்ஜரை எடுத்து வரச் சொன்னேன்.

மூன்று பில்கள். முதலாவது ஜூன் 12-ம் தேதி போட்டது, ஜி.எஸ்.டி. சேர்த்து 84,000 ரூபாய். இரண்டாவது ஜூலை 5, 1,26,000 ரூபாய். மூன்றாவது ஆகஸ்ட் 20, 63,000 ரூபாய். மொத்தம் 2,73,000. செப்டம்பர் 3-ம் தேதி கடைக்காரர் வங்கி வழியாக 50,000 அனுப்பியிருந்தார். எந்தப் பில்லுக்கு என்று குறிப்பிடவில்லை. ஆகப் பாக்கி 2,23,000 ரூபாய் என்றது லெட்ஜர்.

"ரிட்டர்ன் ஏதாவது வந்ததா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பன்னண்டு பெட்ஷீட்டு வந்துச்சுங்க. சாயம் ஒட்டிருச்சுன்னு போன்ல சொன்னாரு, எடுத்துக்கிட்டேன்" என்றார். ஜூலை பில்லில் போன சரக்கு அது. ஒன்று 350 ரூபாய் என்றால் 4,200. ஐந்து சதவீத வரி 210. மொத்தம் 4,410 ரூபாய். சரக்கு திரும்பி வந்து நான்கு மாதம் ஆகியும் அவர் கிரெடிட் நோட் போடவில்லை. கடைக்காரர் தன் ஏட்டில் அதை நிச்சயம் கழித்திருப்பார். அங்கே பாக்கி 2,18,590 என்று இருக்கும், இங்கே 2,23,000 என்று இருக்கும். "சுமார் இரண்டே கால் லட்சம்" என்று கடிதம் போயிருந்தால், இந்த 4,410 ரூபாய் வித்தியாசத்தைக் காட்டியே இரண்டு லட்சத்துக்கு மேல் நின்றுபோயிருக்கும். தவறும் நம் பக்கம் இருந்திருக்கும்.

அன்றைக்கே கிரெடிட் நோட் போட்டோம்.

அடுத்து அந்த 50,000. எந்தப் பில்லில் வரவு வைப்பது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. பணம் கொடுப்பவர் இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அப்படியே வைக்க வேண்டும். அவர் சொல்லாதபோது வாங்குபவர் தனக்குச் சேர வேண்டிய எந்தக் கடனிலும் வைத்துக்கொள்ளலாம். இருவருமே குறிப்பிடாவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். நாங்கள் பழைய பில்லில், ஜூன் பில்லில் வைத்தோம். அதில் மீதி 34,000. கடைக்காரரும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்பது என் கணிப்பு. ஆனாலும் எப்படி வைத்தோம் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஏடுகளும் மொத்தத்தில் ஒத்துப்போய், பில்வாரியாகப் பார்க்கும்போது முட்டிக்கொள்ளும்.

பிறகு தேதி. "எத்தனை நாள் கடன்?" என்று கேட்டேன். "அறுபது நாள் வழக்கமுங்க" என்றார். எழுத்தில் எங்கும் இல்லை. இங்கேதான் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வருகிறது. உதயம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு 60 நாள், 90 நாள் என்று எழுதி வைத்தாலும் அந்த 45 நாள் வரம்பைத் தாண்ட முடியாது. எழுத்தில் எதுவுமே இல்லாவிட்டால் கெடு இன்னும் குறைவு: 15 நாள்தான்.

எங்கள் கடிதத்துக்கு எந்த நாளை எடுப்பது என்று கொஞ்ச நேரம் பேசினோம். எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் 15 நாள் என்று கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நான்கு வருடமாக அறுபது நாள் வழக்கத்தில் இருந்த ஒருவரிடம் திடீரென்று பதினைந்து நாள் கணக்குப் பேசினால் அது நியாயமாகத் தெரியாது. 45 நாள் என்று வைத்தோம். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் கடனையும் கொடுத்தாயிற்று, அதையும் தாண்டிவிட்டது என்று சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு மறுக்க ஒன்றும் இருக்காது.

நாளை எண்ணுவதில் பலர் தவறுவது ஒன்று உண்டு. பில் தேதியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அதைக் காட்ட பார்சல் ஆபீசில் சரக்கு எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட லாரி ரசீது நகல் வேண்டும். சரக்கில் குறை என்று வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருந்தால், அந்தக் குறை தீர்ந்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாளாகும். நம் கடைக்காரர் போனில் சொன்னதோடு சரி, எழுதவில்லை. அதனால் தேதிகள் மாறவில்லை. ஜூன் 14-ல் சேர்ந்த சரக்குக்கு ஜூலை 29. ஜூலை 8-ல் சேர்ந்ததற்கு ஆகஸ்ட் 22. ஆகஸ்ட் 22-ல் சேர்ந்ததற்கு அக்டோபர் 6. மூன்று கெடுவும் தாண்டிவிட்டன. முதல் பில் 112 நாள் தாமதம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

நாள்: 18.11.2024

பொருள்: பில் எண் 112, 139, 187. நிலுவை ரூ. 2,18,590.

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக எங்கள் சரக்கை வாங்கி ஆதரித்து வருகிறீர்கள். அதற்கு நன்றி. கீழே உள்ள கணக்கை உங்கள் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பில் 112, 12.6.2024, ரூ. 84,000. சரக்கு சேர்ந்த நாள் 14.6.2024. பணம் தர வேண்டிய நாள் 29.7.2024. தாங்கள் 3.9.2024 அன்று அனுப்பிய ரூ. 50,000 இந்தப் பில்லில் வரவு. மீதி ரூ. 34,000.

பில் 139, 5.7.2024, ரூ. 1,26,000. சரக்கு சேர்ந்த நாள் 8.7.2024. பணம் தர வேண்டிய நாள் 22.8.2024. தாங்கள் திருப்பி அனுப்பிய 12 பெட்ஷீட்டுக்கு எங்கள் கிரெடிட் நோட் ரூ. 4,410 கழித்து மீதி ரூ. 1,21,590. இந்த கிரெடிட் நோட்டைத் தாமதமாக அனுப்புவதற்கு வருந்துகிறேன்.

பில் 187, 20.8.2024, ரூ. 63,000. சரக்கு சேர்ந்த நாள் 22.8.2024. பணம் தர வேண்டிய நாள் 6.10.2024. மீதி ரூ. 63,000.

மொத்தம் ரூ. 2,18,590. இந்தத் தொகையை 28.11.2024 வியாழக்கிழமைக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பில்லில் அச்சிட்டுள்ள அதே கணக்குதான், மாற்றம் இல்லை.

கணக்கில் வித்தியாசம் இருந்தால் எந்தப் பில்லில் எவ்வளவு என்று 22.11.2024-க்குள் எழுதித் தெரிவியுங்கள். வித்தியாசம் இல்லாத தொகையை 28-ம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.

எங்களுடையது உதயம் பதிவு பெற்ற குறுந்தொழில். தாமதமான தொகைக்குச் சட்டப்படி வட்டி உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. 28-ம் தேதிக்குள் முழுத் தொகையும் வந்துவிட்டால் அந்த வட்டியைக் கேட்கமாட்டேன். வராவிட்டால் மேலே சொன்ன தேதிகளிலிருந்து வட்டி சேர்த்து, வசதியாக்கக் குழுவில் மனு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

பொங்கல் சரக்குக்குத் தாங்கள் கேட்டிருந்தீர்கள். நெய்யத் தயாராக இருக்கிறோம். நிலுவை தீரும்வரை புதிய சரக்கை முன்பணத்தின் பேரில் மட்டுமே அனுப்ப முடியும்.

மூன்று பில் நகல், லாரி ரசீது நகல், கிரெடிட் நோட் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நிலுவை உறுதிப் படிவம் ஒன்றும் இருக்கிறது. அதில் கையெழுத்தும் கடை முத்திரையும் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு, …

கடிதம் இவ்வளவுதான். "கோபமா ஒண்ணுமே இல்லியேங்க" என்றார் தறிக்காரர். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். திரும்பப் படித்துவிட்டு, "ஆனா இதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியாதுங்க" என்றார்.

"விரைவில்", "தங்களுக்குத் தோதான சமயத்தில்" என்றெல்லாம் எழுதுவதை மரியாதை என்று நினைக்கிறோம். கடன் கொடுத்தவரே "தோதான சமயம்" என்று எழுதிவிட்டால், கெடுவை அவரே நீட்டித்துவிட்டார் என்று நாளைக்கு வாதம் வரும். 28.11.2024 வியாழக்கிழமை என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. கிழமையையும் சேர்த்தது வேண்டுமென்றேதான். கணக்குப்பிள்ளை பணம் அனுப்பும் பட்டியலில் எழுதிக்கொள்ள அது உதவும்.

"வித்தியாசம் இல்லாத தொகையை அனுப்பிவிடுங்கள்" என்ற வரி சின்னதாகத் தெரியும். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். ஒரு பில்லில் தகராறு இருந்தால் மூன்று பில்லையும் நிறுத்தி வைப்பது கடைகளில் சாதாரணம். அந்தக் கதவை இந்த வரி முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. வித்தியாசத்தைச் சொல்ல அவருக்கு நான்கு நாள் தந்திருக்கிறோம். அதற்குள் எழுதாமல் 28-ம் தேதி வந்து கணக்குச் சரியில்லை என்றால், அது சாக்கு என்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு மாறவில்லை என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று போலியாக வரும் மின்னஞ்சலை நம்பிப் பணத்தை வேறெங்கோ அனுப்பிவிட்ட கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கையானவர்கள் அதனால் தயங்கி நிற்பார்கள். ஒரு வரியில் அந்தத் தயக்கம் போய்விடும்.

வட்டி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதம்தோறும் அசலில் சேர்ந்து கூட்டு வட்டியாக ஏறும். 2024 நவம்பரில் வங்கி விகிதம் 6.75 சதவீதம். மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். 2,18,590 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 3,690 ரூபாய். (வங்கி விகிதம் அதற்குப் பிறகு குறைந்திருக்கிறது; கணக்குப் போடும் நாளில் உள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) இந்த வட்டியைக் கடைக்காரர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. இவ்வளவு வலுவான ஆயுதத்தை முதல் கடிதத்திலேயே வீசக் கூடாது என்பது என் கருத்து. இருக்கிறது என்று சொல்லி, கெடுவுக்குள் தந்தால் வேண்டாம் என்றும் சொல்வது நல்லது. அதனால்தான் விகிதத்தையும் தொகையையும் கடிதத்தில் போடவில்லை. கடைக்காரரின் ஆடிட்டர் அதைப் பார்த்துக்கொள்வார்.

ஆடிட்டர் என்றதும் இன்னும் இரண்டு விஷயம். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடு தாண்டி வைத்திருந்தால், எந்த ஆண்டில் பணம் உண்மையில் தரப்படுகிறதோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தாமதமானாலும் மார்ச் 31-க்குள் தந்துவிட்டால் பாதிப்பு இல்லை. ஏப்ரலுக்குப் போனால், விற்று முடித்த சரக்கின் கொள்முதல் அந்த ஆண்டுச் செலவில் சேராமல், கடைக்காரரின் லாபம் கூடுதலாகத் தெரிந்து வரி ஏறும். இன்னொன்று ஜி.எஸ்.டி.யில் உள்ளது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் தராவிட்டால், அந்தச் சரக்குக்கு எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்த பிறகு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். நம் முதல் பில்லுக்கு அந்த நாள் டிசம்பர் 9.

இவற்றைக் கடிதத்தில் எழுதலாமா என்று தறிக்காரர் கேட்டார். இரண்டாவது கடிதம் தேவைப்பட்டால் எழுதலாம் என்றேன். முதல் கடிதத்தில் சட்டம் கூடக் கூட, படிப்பவருக்குப் பணம் மறந்து சண்டைதான் ஞாபகம் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இந்த 45 நாள், மூன்று மடங்கு வட்டி, வசதியாக்கக் குழு எல்லாம் பொருளைத் தாமே தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உரியவை. வேறொருவர் செய்த சரக்கை வாங்கி விற்கும் மொத்த வியாபாரிகளும் ஸ்டாக்கிஸ்டுகளும் 2021 ஜூலை முதல் உதயத்தில் பதிந்துகொள்ளலாம். ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும்தான். உதயம் எண்ணைக் காட்டி இந்த வட்டியைக் கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் ஒரே வரியில் மறுத்துவிடுவார், கடிதத்தின் மற்ற வரிகளும் பலவீனமாகிவிடும். அப்படிப்பட்ட வியாபாரிகள் பில்லிலோ ஆர்டரிலோ ஒப்புக்கொண்ட வட்டி இருந்தால் அதைக் கேட்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும், 1978-ம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, வட்டி கோரி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி தர இடமுண்டு. வட்டி கேட்கிறேன் என்ற வரி கடிதத்தில் இருந்தால்தான் அந்த நாள் தொடங்கும். உதயம் பதிவும் சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப் போய்ப் பதிவதை நம்பக் கூடாது.

இணைப்பில் வைத்த நிலுவை உறுதிப் படிவத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் சந்தேகப்பட்டார். "18.11.2024 அன்று எங்கள் கணக்குப்படி தங்களுக்குத் தர வேண்டியது ரூ. 2,18,590 என்று உறுதி செய்கிறோம்" என்ற ஒரே வாக்கியம், கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. "இது எதுக்குங்க, நம்பிக்கையில்லாத மாதிரி" என்றார்.

காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1963-ம் ஆண்டுச் சட்டம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். கடன் நாள் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நாள் முடிந்ததிலிருந்து, ஒப்புக்கொள்ளாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தே மூன்று ஆண்டு. வருடாவருடம் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் காலம் நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நாம் எத்தனை கடிதம் போட்டாலும் ஒரு நாள்கூட நீளாது. கடன்பட்டவர் அந்த மூன்று ஆண்டுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். ஒரு பகுதிப் பணம் தந்து, அது அவர் எழுத்திலோ கையெழுத்திலோ பதிவானாலும் அப்படியே. பழக்கம், நட்பு என்று ஐந்தாறு வருடம் பொறுத்திருந்து, கடைசியில் ஒப்புதல் தாள் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் வந்து நின்ற முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் தாங்கள் அனுப்பிய கடிதங்களின் நகல் கத்தையாக இருந்தது. எதிர்த்தரப்பின் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கடிதத்தை விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் கடைக்காரரின் சொந்த எண்ணுக்கு மட்டும் ஒரு நகல். வியாபாரிகள் குழுவில் போட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொன்னேன். நாலு பேர் பார்க்க ஒருவரைக் கடன்காரர் என்று காட்டினால் மானநஷ்டப் பேச்சு வரும், பணப் பேச்சு நின்றுபோகும். போலீஸ் என்ற சொல்லையும் அதே காரணத்துக்காகத்தான் எடுத்தோம். சரக்கு வாங்கிப் பணம் தராமல் இழுப்பது பெரும்பாலும் உரிமையியல் தகராறு. நிறைவேற்ற முடியாத மிரட்டலைக் கடிதத்தில் வைத்தால் நிறைவேற்றக்கூடிய வரிகளையும் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார்.

வசதியாக்கக் குழு நிறைவேற்றக்கூடிய வரிதான். அப்போது சமாதான் என்ற இணையதளத்தில் மனு பதிய முடிந்தது; அது 2017 முதல் இருந்த வசதி. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரக்கு கொடுத்தவர் இருக்கும் பகுதியின் குழுவே விசாரிக்கலாம். சென்னிமலைக்காரர் தெற்கே அலைய வேண்டியதில்லை. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும். அந்த நீளத்தை மனதில் வைத்துத்தான் முதல் கடிதத்தையே இவ்வளவு பாடுபட்டு எழுத வேண்டியிருக்கிறது.

கடிதம் போய் மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்தார். கோபம் இல்லை. "கிரெடிட் நோட்டு போட்டுட்டீங்களா, அதைத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன்" என்று ஆரம்பித்தாராம். பிறகு பொங்கல் சரக்கைப் பற்றிக் கேட்டாராம். 27-ம் தேதி 1,55,590 ரூபாய் வங்கியில் ஏறியது. முதல் இரண்டு பில்லின் மீதி, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல். கூடவே கூரியரில் உறுதிப் படிவம் கையெழுத்தாகி வந்தது. அதன் ஓரத்தில் பேனாவால், பில் 187-க்கு டிசம்பர் 10, டிசம்பர் 24 என்று இரண்டு செக், ஒவ்வொன்றும் 31,500 என்று எழுதியிருந்தது. செக்குகளும் உள்ளே இருந்தன.

முழுத் தொகையும் 28-க்குள் வரவில்லை. கடிதத்தில் எழுதியபடி வட்டி கேட்கலாம். தறிக்காரர் கேட்கவில்லை. ஆனால் "மீதி 63,000-க்கு இரண்டு செக்கும் பணமானால் வட்டி கோரிக்கை இல்லை" என்று ஒரு வரிக் கடிதம் நான் சொல்லி அனுப்பினார். விட்டுக்கொடுப்பதையும் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் நிபந்தனையோடு. இல்லாவிட்டால் செக் திரும்பினால் பழைய நிலைக்குப் போக வழி இருக்காது.

இரண்டு செக்கும் பணமாயின. டிசம்பர் 24-க்குப் பிறகு அவர் புது பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தபோது மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். பில் தேதிக்குக் கீழே இதுவரை இல்லாத இரண்டு கட்டங்கள் சேர்த்திருந்தார். ஒன்றில் உதயம் எண். இன்னொன்றில் "பணம் தர வேண்டிய நாள்" என்று அச்சாகி, பக்கத்தில் கையால் எழுத இடம் விட்டிருந்தது.